பி அலை எங்கே? ரிதம் ஸ்ட்ரிப் கேள்விகளை வாசிக்கும் முறை

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், ஹார்ட் பிளாக், வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா. நர்சிங் படித்தாலும் எம்பிபிஎஸ் படித்தாலும் இந்த மூன்று இதயத் துடிப்புக் கோளாறுகளின் இசிஜி படமும் பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கம் என்பது வரை மாணவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ஆனால் கேள்வித்தாளில் சில நொடித் துடிப்பைக் காட்டும் இசிஜி துண்டான ரிதம் ஸ்ட்ரிப் வந்ததும் தடுமாற்றம் தொடங்கிவிடும். காரணம் எளிது. கேள்வியில் வரும் படம் புத்தகத்துப் படத்தின் அச்சு அசல் நகலாக இருப்பதில்லை. முகஜாடையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற வழியில் போனால் பாதி நேரம் ஏமாறத்தான் வேண்டும்.

அதற்குப் பதில் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகலாம்: பி அலைக்கும் க்யூஆர்எஸ்ஸுக்கும் என்ன உறவு? ஃபிப்ரிலேஷனில் பி அலையே கிடையாது. ஹார்ட் பிளாக்கில் பி இருக்கும், ஆனால் அது கீழே போய்ச் சேருவதில் தாமதமோ தடையோ இருக்கும். வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியாவில் பி ஒரு பக்கம் தன்பாட்டுக்கு ஓட, க்யூஆர்எஸ் அதை மதிக்காமல் வேகமாக ஓடும். மூன்றையும் பிரிக்கிற கோடு இதுதான்.

முதலில் கட்டங்கள்

இதயத்தின் மின்தூண்டல் வலது மேலறையில் உள்ள எஸ்ஏ நோடில் கிளம்புகிறது. அது இரண்டு மேலறைகளிலும் பரவும்போது காகிதத்தில் விழும் சின்ன மேடுதான் பி அலை. பிறகு ஏவி நோடில் கொஞ்சம் தாமதித்து, ஹிஸ் கட்டு வழியாகக் கீழறைகளுக்கு இறங்கும்போது க்யூஆர்எஸ் என்ற கூரான கோடு விழுகிறது. அடுத்து வரும் அகன்ற மேடு டி அலை. கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராவதை அது காட்டுகிறது.

காகிதம் வழக்கமாக நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும். அப்படியானால் ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த ஒரு பெரிய கட்டம் 0.20 நொடி. முப்பது பெரிய கட்டம் ஆறு நொடி. இதயத் துடிப்பு சீராக இருந்தால், இரண்டு க்யூஆர்எஸ்ஸுக்கு நடுவில் எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300-ஐ அதால் வகுத்தால் நிமிடத் துடிப்பு கிடைக்கும். நான்கு கட்டம் இருந்தால் 75. சீரற்று இருந்தால் இந்தக் கணக்கு உதவாது. அப்போது ஆறு நொடிக்குள் விழும் க்யூஆர்எஸ்களை எண்ணிப் பத்தால் பெருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு அளவு போதும். பி தொடங்கும் இடத்திலிருந்து க்யூஆர்எஸ் தொடங்கும் இடம் வரை உள்ள பிஆர் இடைவெளி மூன்று முதல் ஐந்து சின்னக் கட்டம் இருக்கலாம். க்யூஆர்எஸ்ஸின் அகலம் மூன்று சின்னக் கட்டத்துக்குள் இருக்க வேண்டும். அகலம் கூடினால், தூண்டல் வழக்கமான ஹிஸ் பாதையில் சரியாக இறங்கவில்லை என்று பொருள். ஒன்று, பாதையின் ஒரு கிளை பழுதாகியிருக்கலாம். இல்லையென்றால் துடிப்பே கீழறையில் பிறந்திருக்கலாம்.

கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கட்டும். அதன் விளிம்பை ஸ்ட்ரிப்மேல் வைத்து அடுத்தடுத்த இரண்டு பி அலைகளுக்குப் புள்ளி குத்தி, அப்படியே நகர்த்திக்கொண்டே போவது இசிஜி வாசிப்பவர்களின் பழைய பழக்கம். காலிப்பர் இருந்தால் நல்லது. தேர்வறையில் காகித விளிம்பே போதும். கீழே வரும் கணக்கு முழுவதும் இந்த ஒரு வேலையை நம்பித்தான் இருக்கிறது.

பி இல்லாத இடம்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் மேலறைகள் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தாறுமாறான தூண்டல்களில் நடுங்கிக்கொண்டிருக்கும். ஒழுங்கான பி அலை உருவாக வழியில்லை. அடிக்கோடு மட்டும் சிற்றலையாக அசையும். ஏவி நோட் இத்தனையையும் கீழே விடாது. எதை விடும், எதைத் தடுக்கும் என்பதற்கு எந்த ஒழுங்கும் இல்லாததால் க்யூஆர்எஸ்களுக்கு இடையிலான தூரம் ஒவ்வொரு முறையும் மாறும்.

ஒரு ஸ்ட்ரிப்பில் அடுத்தடுத்த தூரங்கள் இரண்டரை, நான்கு, மூன்று, இரண்டு, மூன்றரைப் பெரிய கட்டங்கள் என்று வருகின்றன, ஆறு நொடிக்குள் பதினோரு க்யூஆர்எஸ், எல்லாம் ஒல்லியானவை என்று வைத்துக்கொள்வோம். துடிப்பு ஏறத்தாழ 110. காகித விளிம்பை வைத்துப் பார்த்தால் எந்த இரண்டு தூரமும் ஒழுங்காகத் திரும்பி வராது. பி அலையும் இல்லை என்றால் விடை ஃபிப்ரிலேஷன்.

மாணவர்கள் தவறுவது சிற்றலையைத் தேடுவதில். வயதானவர்களில் அந்தச் சிற்றலை மிக நுண்ணியதாகி அடிக்கோடு கிட்டத்தட்ட நேர்கோடாகவே தெரியலாம். எதிர்ப்பக்கமும் நடக்கும்: பார்க்கின்சன் நோயாளியின் கை நடுக்கம் அடிக்கோட்டை ஆட்டிவைத்து ஃபிப்ரிலேஷன் போலவே காட்டும். ஆனால் அங்கே க்யூஆர்எஸ்களின் தூரம் ஒரே அளவில் இருக்கும். எனவே சிற்றலையைவிட தூரங்களின் ஒழுங்கின்மைக்கே மதிப்பு அதிகம். துடிப்பு சீரற்று இருந்து, ஒவ்வொரு க்யூஆர்எஸ்ஸுக்கு முன்னாலும் பி அலை தெரிகிறது, ஆனால் அதன் வடிவம் மூன்று விதமாக மாறுகிறது என்றால் அது வேறு நோய், மல்ட்டிஃபோக்கல் ஏட்ரியல் டாக்கிகார்டியா. கேள்வியில் நாள்பட்ட நுரையீரல் நோய் என்று ஒரு வரி இருந்தால் இந்தப் பொறியை எதிர்பார்க்கலாம்.

சரி, பி இல்லை, அடிக்கோடு நடுங்குகிறது, ஆனால் க்யூஆர்எஸ் மட்டும் நிமிடத்துக்கு 40 என்று கடிகாரம் போல சீராக விழுகிறது. இது என்ன? ஃபிப்ரிலேஷன் இருந்தும் துடிப்பு ஒழுங்காகிவிட்டால், மேலிருந்து எதுவும் கீழே இறங்கவில்லை என்று அர்த்தம். ஃபிப்ரிலேஷனும் முழு ஹார்ட் பிளாக்கும் ஒரே ஸ்ட்ரிப்பில். டிகாக்ஸின் அளவு மீறியவர்களில் இதைக் கேட்பது வழக்கம்.

பி இருந்தும் சேராத இடம்

ஹார்ட் பிளாக் கேள்விகள்தான் அதிகம் குழப்புபவை. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதல் நிலை சுலபம். ஒவ்வொரு பி-க்கும் ஒரு க்யூஆர்எஸ் உண்டு, பிஆர் மட்டும் ஐந்து சின்னக் கட்டத்தைத் தாண்டி, ஒரே அளவில் நீண்டிருக்கும். எதுவும் விடுபடாது. பிளாக் என்று பெயர் இருந்தாலும் உண்மையில் வெறும் தாமதம்தான்.

இரண்டாம் நிலையில் சில பி அலைகளுக்குப் பின்னால் க்யூஆர்எஸ் வராது. இதில் இரண்டு வகை. வெங்கெபாக் என்றும் மொபிட்ஸ் 1 என்றும் சொல்லப்படுவதில் பிஆர் படிப்படியாக நீண்டு, கடைசியில் ஒரு துடிப்பு விழாமல் போகும். மொபிட்ஸ் 2-ல் பிஆர் மாறாமல் இருந்து, முன்னறிவிப்பே இல்லாமல் ஒன்று விழாமல் போகும்.

வெங்கெபாக்கை எண்களால் பார்த்தால் நன்றாகப் பதியும். பி அலைகள் சரியாக 20 சின்னக் கட்டத்துக்கு ஒன்று விழுகின்றன. பிஆர் முதலில் 5 கட்டம், அடுத்தது 8, அதற்கடுத்தது 9, நான்காவது பி-க்குப் பின்னால் எதுவும் இல்லை, ஐந்தாவதுக்கு மறுபடி 5. இப்போது க்யூஆர்எஸ்களின் இடைவெளியைக் கணக்கிடுங்கள். முதல் இடைவெளி 23 கட்டம், அடுத்தது 21, அதன்பின் வரும் நீண்ட இடைவெளி 36. பிஆர் நீண்டுகொண்டே போனாலும், நீளும் அளவு ஒவ்வொரு முறையும் குறைவதால் க்யூஆர்எஸ்கள் நெருங்கி வருகின்றன. நீண்ட இடைவெளியும் இரண்டு பி இடைவெளிகள் சேர்ந்த 40-ஐத் தொடவில்லை. இப்படி நெருங்கி, ஒரு இடைவெளி விட்டு, மறுபடி நெருங்குவதால் ஸ்ட்ரிப்பைத் தூரத்திலிருந்து பார்த்தாலே க்யூஆர்எஸ்கள் கொத்துக் கொத்தாகத் தெரியும். 1899-ல் கரெல் வெங்கெபாக் இதைக் கண்டுபிடித்தது இசிஜி வைத்து அல்ல. நாடித்துடிப்பின் பதிவில் தெரிந்த இந்த ஒழுங்கை வைத்துத்தான். பி அலையையே பார்க்காமல் பிஆர் நீள்வதை ஊகித்த ஆள் அவர்!

1924-ல் வால்டெமார் மொபிட்ஸ் இரண்டு வகைகளையும் இசிஜியில் பிரித்துக் காட்டினார். அந்தப் பிரிவுக்கு இன்றும் மதிப்பு இருப்பதற்குக் காரணம், கோளாறு இருக்கும் இடம் வேறு என்பதுதான். முதல் வகையில் பெரும்பாலும் ஏவி நோட்டிலேயே சிக்கல். அட்ரோபின் கொடுத்தால் மாற வாய்ப்புண்டு, நன்றாகத் தூங்கும் இளம் விளையாட்டு வீரரிடமும் காணலாம். இரண்டாம் வகையில் சிக்கல் அதற்குக் கீழே, ஹிஸ் கட்டிலோ அதன் கிளைகளிலோ. அதனால் க்யூஆர்எஸ் பெரும்பாலும் அகன்றிருக்கும், அட்ரோபினை நம்ப முடியாது, திடீரென்று முழு பிளாக்காக மாறிவிடலாம். பேஸ்மேக்கர் என்ற விடை இங்கேதான் பொருந்தும். ஒன்று விட்டு ஒன்று என்று சரிபாதி பி அலைகள் மட்டும் சேர்ந்தால், அடுத்தடுத்து இரண்டு பிஆர் கிடைக்காததால் நீள்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியாது. அதை 2:1 பிளாக் என்று மட்டும் எழுதுவது நேர்மை.

ஒரு ஸ்ட்ரிப்பை அளந்து பார்ப்போம்

எழுபத்திரண்டு வயது ஆண். இரண்டு நாளாகத் தலைசுற்றல், இன்று காலை ஒரு முறை மயக்கம். ரத்த அழுத்தம் 90/60. ஆறு நொடி ஸ்ட்ரிப், அதாவது முப்பது பெரிய கட்டம். க்யூஆர்எஸ்கள் இடமிருந்து 2, 11, 20, 29 ஆகிய கட்டங்களில் தொடங்குகின்றன. ஒவ்வொன்றின் அகலமும் நான்கு சின்னக் கட்டம்.

பார்த்த உடனே கண்ணில் படும் பி அலைகள் 1, 5, 9, 17, 25 ஆகிய கட்டங்களில் இருக்கின்றன. ஒவ்வொரு க்யூஆர்எஸ்ஸுக்கும் முன்னால் கடைசியாக வந்த பி-யை எடுத்துப் பிஆர் அளந்தால், முதலாவது 0.20 நொடி, இரண்டாவது 0.40, மூன்றாவது 0.60. படிப்படியாக நீள்கிறதே! வெங்கெபாக் என்று பேனா தானாகவே வட்டம் போட்டுவிடும். கேள்வி எழுதியவர் வேண்டுமென்றே வைத்த வலை இது.

இப்போது காகித விளிம்பை எடுங்கள். 1-க்கும் 5-க்கும் புள்ளி குத்தி நகர்த்தினால் அடுத்த பி 9-ல் சரியாக விழுகிறது. அதற்கடுத்தது 13-ல் விழ வேண்டும். அங்கே டி அலை இருக்கிறது. உற்றுப் பார்த்தால் அந்த டி அலை மட்டும் மற்றவற்றைவிட உயரமாக, கூம்பாக நிற்கிறது. பி அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 17 சரி. 21-ல் க்யூஆர்எஸ் முடிந்த கையோடு ஒரு சின்ன மேடு, முதல் பார்வையில் கோட்டின் வளைவு என்று விட்டுவிட்டது. 25 சரி. 29-ல் பி க்யூஆர்எஸ்ஸுக்குள்ளேயே மறைந்துவிட்டது. ஐந்து என்று நினைத்த பி அலைகள் எட்டு. நான்கு கட்டத்துக்கு ஒன்று, நிமிடத்துக்கு 75, துளியும் பிசகாமல்.

க்யூஆர்எஸ்களை அளந்தால் ஒன்பது கட்டம், ஒன்பது கட்டம், ஒன்பது கட்டம். 300-ஐ 9-ஆல் வகுத்தால் 33. இதே ஸ்ட்ரிப்பில் ஆறு நொடிக் கணக்கு 40 என்று காட்டும். குறைவான துடிப்பில் அந்தக் கணக்கு இப்படித்தான் தோராயமாகப் போகும், சீராக இருந்தால் 300 கணக்கையே நம்புங்கள்.

விடை இங்கே கிடைத்துவிட்டது. வெங்கெபாக் என்றால் க்யூஆர்எஸ்கள் நெருங்கி வந்து ஒரு இடைவெளி விட்டிருக்க வேண்டும். சற்றுமுன் பார்த்த 23, 21, 36 போல. இங்கே எல்லாத் தூரமும் ஒன்று. பிஆர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது, ஆனால் துடிப்பு அசையவில்லை என்றால், அந்தப் பிஆருக்கு அர்த்தமே கிடையாது. பி-யும் க்யூஆர்எஸ்ஸும் தற்செயலாகப் பக்கத்தில் வந்து விழுந்தவை. பேச்சுவார்த்தை அறுந்துபோன அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருப்பது போல, மேலறை 75-ல், கீழறை 33-ல், அவரவர் பாட்டுக்கு ஓடுகின்றன. மூன்றாம் நிலை, அதாவது முழு ஹார்ட் பிளாக்.

அகலத்தையும் விடக் கூடாது. மேலிருந்து தூண்டல் வராதபோது கீழே ஏதோ ஒரு இடம் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. ஏவி சந்திப்பு எடுத்துக்கொண்டால் துடிப்பு 40 முதல் 60, க்யூஆர்எஸ் ஒல்லி. கீழறை எடுத்துக்கொண்டால் 20 முதல் 40, க்யூஆர்எஸ் அகலம். இவருக்கு 33, நான்கு சின்னக் கட்ட அகலம், பொறுப்பு கீழறையிடம். இந்தத் துடிப்பு நம்பகமற்றது, எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். மயக்கம் வந்த காரணமும் அதுதான், தற்காலிக பேஸிங் அவசரமாகத் தேவைப்படுவதும் அதனால்தான்.

உறவு அறுந்த இன்னொரு இடம்

முழு பிளாக்கில் பார்த்த உறவு அறுந்த நிலையை ஏவி டிஸோசியேஷன் என்கிறோம். இதே நிலை வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியாவிலும் வரும் என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். வித்தியாசம் யார் வேகமாக ஓடுகிறார்கள் என்பதில். பிளாக்கில் பி அதிகம், க்யூஆர்எஸ் குறைவு. வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியாவில் க்யூஆர்எஸ் அதிகம், பி குறைவு. முன்னதில் கீழறை உத்தரவு வராமல் தனித்து நிற்கிறது. பின்னதில் உத்தரவுக்குக் காத்திராமல் முந்திக்கொள்கிறது. இந்த ஒரு எண்ணிக்கையை மறக்காவிட்டால் இரண்டையும் குழப்பிக்கொள்ளவே முடியாது.

நிமிடத்துக்கு 100-க்கு மேல் வேகத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் கீழறைத் துடிப்புகள் தொடர்ந்து வந்தாலே அதற்கு அந்தப் பெயர். முப்பது நொடி நீடித்தாலோ, அதற்குள்ளேயே நோயாளி நிலைகுலைந்து நிறுத்த வேண்டி வந்தாலோ, நீடித்த வகை. ஸ்ட்ரிப்பில் அகன்ற க்யூஆர்எஸ்கள் வரிசையாக, ஏறத்தாழ இரண்டு பெரிய கட்டத்துக்கு ஒன்றாக, அதாவது 150-ஐ ஒட்டி நிற்கும். பி அலைகள் அவற்றுக்கு நடுவே நாலு கட்டத்துக்கு ஒன்றாக நகரலாம்: சில டி அலையை மேடாக்கும், சில க்யூஆர்எஸ்ஸின் ஓரத்தைக் கொஞ்சம் சிதைக்கும். அப்படி நகரும் பி-யை விளிம்பு வைத்துப் பிடித்துவிட்டால் வழக்கு முடிந்தது. சில சமயம் ஒரு பி சரியான நேரத்தில் இறங்கி, அகன்ற வரிசைக்கு நடுவில் ஒரே ஒரு ஒல்லியான க்யூஆர்எஸ்ஸை விட்டுப் போகும். அது கேப்ச்சர் பீட். பாதி மேலிருந்து பாதி கீழிருந்து வந்து கலந்தால் இரண்டுக்கும் நடுத்தரமான வடிவம். அது ஃப்யூஷன் பீட். கேள்வியில் இவற்றில் ஒன்று இருந்தால் அது வேண்டுமென்றே போட்டதுதான்.

ஆனால் பி தெரியவில்லை என்பதற்காக வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. வேகம் கூடினால் பி புதைந்துவிடும். ஒரே ஒரு லீடில் அது தென்படாமலும் போகலாம். கிளைப் பழுது உள்ளவருக்கு மேலறை சார்ந்த வேகத் துடிப்பு வந்தாலும் க்யூஆர்எஸ் அகன்றே தெரியும் என்பது உண்மைதான். இருந்தாலும் அகன்ற, சீரான, வேகமான துடிப்பு, முன்பே மாரடைப்பு வந்தவர் என்று கேள்வி சொன்னால், வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தவறாக மேலறைத் துடிப்பு என்று நினைத்து வெராபமில் ஏற்றினால் ரத்த அழுத்தம் சரிந்து நோயாளி விழுந்துவிடலாம்.

அகன்று, வேகமாக, ஆனால் தூரங்கள் தாறுமாறாக இருந்தால்? அங்கே முதல் பகுதி திரும்ப வேலைக்கு வருகிறது. ஒழுங்கே இல்லாத தூரம் என்றால் ஃபிப்ரிலேஷனை யோசிக்க வேண்டும். க்யூஆர்எஸ் ஒரே வடிவில் அகன்றிருந்தால் கிளைப் பழுதோடு சேர்ந்த ஃபிப்ரிலேஷன். வேகம் 200-ஐத் தாண்டி, வடிவமும் துடிப்புக்குத் துடிப்பு மாறினால், கூடுதல் பாதை உள்ள உல்ஃப் பார்க்கின்சன் வைட் நோயாளியின் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். ஏவி நோட்டை அடக்கும் மருந்துகள் எதுவும் அவருக்கு ஆகாது.

இன்னொரு பொறியும் உண்டு. நோயாளி உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருப்பார், மானிட்டரில் அகன்ற அலைகள் பாய்ந்து ஓடும். ஸ்ட்ரிப்பை எடுத்து விளிம்பை வைத்துப் பார்த்தால், அந்தக் கலவரத்துக்குள்ளேயே ஒல்லியான க்யூஆர்எஸ் முனைகள் பழைய தூரத்திலேயே நகர்ந்து போவது தெரியும். அது கையின் அசைவு, துடிப்பு அல்ல.

கடைசியாக, ஸ்ட்ரிப் சொல்லாத ஒரு விஷயத்தைத்தான் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா கேள்விகள் பெரும்பாலும் கேட்கின்றன: "முதலில் என்ன செய்வீர்கள்?" விடைகளில் அமியோடரோன் இருக்கும், ஷாக் இருக்கும், நாடியைத் தொட்டுப் பார்ப்பதும் இருக்கும். மின்கோடு ஓடுகிறது என்பதற்காக ரத்தம் ஓடுகிறது என்று சொல்ல முடியாது. நோயாளியின் நிலையைக் கேள்வியே சொல்லாவிட்டால் நாடிதான் முதலில். நாடி இல்லையென்றால் சிபிஆரும் டிஃபிப்ரிலேஷனும். நாடி இருந்து ரத்த அழுத்தம் சரிந்து நினைவு தடுமாறினால் சின்க்ரனைஸ்டு கார்டியோவெர்ஷன். நாடியும் அழுத்தமும் நன்றாக இருந்தால்தான் அமியோடரோன் 150 மில்லிகிராம், பத்து நிமிடத்தில் மெதுவாக.